ஒரு லட்சம் வரியை மூன்று விதமாக வசூலித்தால்

சேலத்து ஆட்கள் மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் பழம் பறிக்கும் தொழிலாளி. அவருடைய ஆண்டு வருமானம் 1 லட்சம் ரூபாய். இரண்டாமவர் செவ்வாய்பேட்டையில் சின்னதாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், வருமானம் 3 லட்சம். மூன்றாமவர் லீ பஜாரில் மண்டி நடத்துபவர், 6 லட்சம். மூவரும் கற்பனை, தொகைகளும் கணக்குப் போட வசதியாக வைத்தவை. மூவருக்கும் சேர்த்து மொத்த வருமானம் 10 லட்சம். இவர்களிடமிருந்து அரசு 1 லட்சம் ரூபாய் வரி திரட்ட வேண்டும்.

அந்த 1 லட்சத்தைக் கடைசிவரை மாற்றப்போவதில்லை. வளர்வீத வரி, விகிதாச்சார வரி, தேய்வுவீத வரி என்று மூன்றையும் ஒப்பிடும் பல விளக்கங்களில் ஒவ்வொரு முறைக்கும் வேறுவேறு தொகை வசூலாகும்படி உதாரணம் அமைந்திருக்கும். அப்போது எது பளுவான வரி, எது பளுவைப் பங்கிடும் விதம் என்ற இரண்டும் குழம்பிவிடும். கஜானாவுக்கு வருவது ஒன்றே என்று பிடித்து வைத்துக்கொண்டால், மிச்சமிருக்கும் கேள்வி ஒன்றுதான்: அதை யார் எவ்வளவு சுமக்கிறார்கள்?

விகிதாச்சார முறையில் கணக்கு ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். எல்லோருக்கும் 10 சதவீதம். தொழிலாளி 10,000, பட்டறைக்காரர் 30,000, மண்டிக்காரர் 60,000. கூட்டினால் 1 லட்சம். விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு அரசனுக்கு என்று பழங்காலத்தில் சொன்னதும் வடிவத்தில் இதே வகைதான். ஆனால் அங்கே பங்கு பிரித்தது மொத்த விளைச்சலில். விதை, கூலி, மாட்டுத் தீவனம் எல்லாம் கழித்த மிச்சத்தில் அல்ல. செலவு போக அதிகம் மிஞ்சாத வானம் பார்த்த நிலத்துக்காரருக்கு அதே ஆறில் ஒன்று கையில் நின்றதில் பாதியாகக்கூட இருந்திருக்கலாம். எதன் மேல் சதவீதம் போடுகிறோம் என்பது எத்தனை சதவீதம் என்பதைவிட முக்கியமாகிவிடும் இடம் இது. கொஞ்ச நேரத்தில் இதே விஷயம் வேறு உருவில் திரும்ப வரும்.

வளர்வீத முறைக்கு இப்படி ஒரு படிவரிசை வைப்போம். முதல் 1 லட்சத்துக்கு வரி இல்லை. 1 லட்சத்துக்கு மேல் 3 லட்சம் வரையுள்ள பகுதிக்கு 10 சதவீதம். 3 லட்சத்துக்கு மேலுள்ள பகுதிக்கு 20 சதவீதம். தொழிலாளிக்கு வரி பூஜ்யம். பட்டறைக்காரருக்கு நடுப்படியில் விழும் 2 லட்சத்துக்கு 20,000. மண்டிக்காரருக்கு அதே 20,000, அதோடு மேற்படியில் விழும் 3 லட்சத்துக்கு 60,000, ஆக 80,000. மொத்தம் மறுபடியும் 1 லட்சம்.

இப்போது ஒவ்வொருவரும் தம் வருமானத்தில் எத்தனை சதவீதம் கட்டினார்கள் என்று பாருங்கள். தொழிலாளி 0, பட்டறைக்காரர் 6.67, மண்டிக்காரர் 13.33. சட்டத்தில் எழுதியிருப்பது 20 சதவீதம், மண்டிக்காரர் உண்மையில் கட்டியது 13.33. முதலாவது, கடைசியாகச் சம்பாதித்த ரூபாயின் மேல் விழும் விகிதம். இரண்டாவது, மொத்த வருமானத்தின் மேல் விழும் சராசரி விகிதம். வருமானம் ஏற ஏற இந்தச் சராசரியும் ஏறினால் அது வளர்வீத வரி. ஏறாமல் நின்றால் விகிதாச்சாரம், இறங்கினால் தேய்வுவீதம். வரையறை இவ்வளவுதான். எத்தனை படிகள் இருக்கின்றன என்பதோ, யார் அதிக ரூபாய் கட்டுகிறார் என்பதோ இதில் வராது.

படிகளைப் பற்றி ஒரு பயம் பரவலாக உண்டு. பட்டறைக்காரருக்குக் கூடுதலாக 10,000 ரூபாய்க்கு ஒரு ஆர்டர் வந்தால், "வேண்டாங்க, அடுத்த ஸ்லாப்புக்குப் போயிருவேன், வந்ததெல்லாம் வரிக்கே போயிரும்" என்பார். நம் கணக்கில் அவர் 3,10,000 சம்பாதித்தால் 20 சதவீதம் விழுவது 3 லட்சத்தைத் தாண்டிய அந்த 10,000 மேல் மட்டும். வரி 2,000 கூடி 22,000 ஆகும், 8,000 கையில் நிற்கும். கீழ்ப்படியில் இருக்கும் ரூபாய்களை அந்த 20 தொடுவதில்லை.

ஆனாலும் அவர் பயத்தை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் நிஜ வரிகள் எல்லாமே இப்படி வழவழவென்று ஏறுவதில்லை. 2025-26 நிதியாண்டின் புதிய வருமான வரி முறையையே எடுத்துக்கொள்வோம். 4 லட்சம் வரை வரி இல்லை, 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10 சதவீதம், இப்படிப் போய் 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். படிவரிசைப்படி 12 லட்சத்துக்கு 60,000 ரூபாய் வரி வரும். ஆனால் வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவருக்கு அந்த 60,000 முழுவதும் தள்ளுபடி. அப்படியானால் 12,10,000 வாங்குபவர் தள்ளுபடியை இழந்து 61,500 கட்ட வேண்டிவரும். 10,000 கூடுதலாகச் சம்பாதித்ததற்கு 61,500 வரி என்றால் பட்டறைக்காரரின் பயம் நியாயமாகிவிடும். அதைத் தடுக்கத்தான் விளிம்புநிலை நிவாரணம் என்ற ஏற்பாடு இருக்கிறது: 12 லட்சத்தை எவ்வளவு தாண்டினீர்களோ அதற்கு மேல் வரி போகாது. ஆக 10,000. இதன் மேல் 4 சதவீத செஸ் சேரும்போது 10,400. கூடுதலாக வந்த பத்தாயிரமும் போய், இன்னொரு 400 ரூபாயும் கையை விட்டுப் போகிறது. குறுகிய ஓர் இடைவெளியில் மட்டும் நடக்கும் விசித்திரம் இது. அந்த இடைவெளியில் கடைசி ரூபாயின் மேல் விழும் விகிதம் நூற்றைத் தாண்டுகிறது, சட்டப் புத்தகத்தில் 30க்கு மேல் எந்தப் படியும் இல்லாதபோதும்.

இனி மூன்றாவது முறை. தேய்வுவீத வரி என்று பெயர் எழுதி எந்த அரசும் வரி போடாது. அது பெரும்பாலும் விகிதாச்சார வரியின் வேடத்தில்தான் வரும்.

நம் மூவரும் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று பார்ப்போம். தொழிலாளியின் 1 லட்சமும் செலவாகிவிடுகிறது, சேமிப்புக்கு இடமில்லை. பட்டறைக்காரர் 3 லட்சத்தில் 2,25,000 செலவழிக்கிறார், மிச்சத்தை ஏலச்சீட்டிலும் வங்கியிலும் போடுகிறார். மண்டிக்காரர் 6 லட்சத்தில் 3 லட்சம் செலவழித்து, மீதியை இடம் வாங்க ஒதுக்குகிறார். மூவரின் செலவையும் கூட்டினால் 6,25,000. செலவழிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 16 ரூபாய் வரியாக அடங்கியிருக்கும்படி ஒரு விற்பனை வரி போட்டால் சரியாக 1 லட்சம் கிடைத்துவிடும். (பில்லில் அச்சாவது 16 ஆக இருக்காது. வரிக்கு முந்தைய 84 ரூபாய் விலையின் மேல் 16 என்பதால் அங்கே சுமார் 19 சதவீதம் என்று போட்டிருக்கும்.)

தொழிலாளி கட்டுவது 16,000. பட்டறைக்காரர் 36,000. மண்டிக்காரர் 48,000. விகிதம் எல்லோருக்கும் ஒன்று. மண்டிக்காரர் தொழிலாளியைப் போல மூன்று மடங்கு ரூபாய் கட்டுகிறார். இதில் என்ன அநியாயம் என்று தோன்றலாம். வருமானத்தோடு வைத்துப் பார்த்தால்தான் படம் திரும்பும்: 16 சதவீதம், 12 சதவீதம், 8 சதவீதம். மேலே போகப் போகச் சரியாகப் பாதியாகத் தேய்ந்திருக்கிறது. செலவின் மேல் விகிதாச்சாரமாக இருந்த வரி வருமானத்தின் மேல் தேய்வுவீதமாகிவிட்டது. காரணம், வருமானம் ஏறும்போது அதே வேகத்தில் செலவு ஏறுவதில்லை என்பது மட்டுமே.

மூன்று முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அடைப்புக்குறிக்குள் வருமானத்தில் எத்தனை சதவீதம் என்பதோடு, இப்படி வரும்:

| | தொழிலாளி, 1 லட்சம் | பட்டறைக்காரர், 3 லட்சம் | மண்டிக்காரர், 6 லட்சம் |
|---|---|---|---|
| வளர்வீதம் | 0 (0) | 20,000 (6.67) | 80,000 (13.33) |
| விகிதாச்சாரம் | 10,000 (10) | 30,000 (10) | 60,000 (10) |
| தேய்வுவீதம் | 16,000 (16) | 36,000 (12) | 48,000 (8) |

இந்த அட்டவணையில் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் கடந்துவிட வேண்டாம். மூன்று வரிசையிலும் மண்டிக்காரர்தான் அதிக ரூபாய் கட்டுகிறார். "நாங்கதான் அதிகமா கட்டறோம்" என்று அவர் சொல்வது மூன்று முறையிலுமே உண்மை. அதனாலேயே, அந்த வாக்கியத்தை வைத்து எது எந்த வகை வரி என்று கண்டுபிடிக்க முடியாது.

விற்பனை வரியின் மேல் வைக்கும் இந்தக் குறைக்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, மண்டிக்காரர் இன்று சேமிப்பதை என்றோ ஒரு நாள் அவரோ பிள்ளைகளோ செலவழிப்பார்கள், அப்போது வரி வரும், ஆகவே வாழ்நாள் முழுக்கப் பார்த்தால் தேய்வு இவ்வளவு கூர்மையாக இருக்காது என்பது. பொருளாதார நிபுணர்கள் இதைத் தீவிரமாகவே எடுத்துக்கொள்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் தோட்டத் தொழிலாளி இந்த மாத மளிகையோடு இந்த மாதமே வரியைக் கட்டுகிறார். முப்பது வருடம் கழித்து இன்னொருவர் கட்டுவார் என்பது அவர் கணக்கில் வராது.

இரண்டாவது பதில் நடைமுறைக்கு நெருக்கமானது: அத்தியாவசியப் பொருள்களுக்கு விலக்குக் கொடுத்துவிடலாம். ஜி.எஸ்.டி.யில் காய்கறிக்கும், பையில் அடைக்காமல் சில்லறையில் அளந்து வாங்கும் அரிசிக்கும் வரி இல்லாதது இந்த எண்ணத்தில்தான். நம் கணக்கில் செய்து பார்ப்போம். உணவுக்குத் தொழிலாளி 60,000, பட்டறைக்காரர் 75,000, மண்டிக்காரர் 90,000 செலவழிப்பதாகக் கொண்டு அதை முழுக்க விலக்கிவிடுவோம். வரிக்கு உட்பட்ட செலவு முறையே 40,000, 1,50,000, 2,10,000 ஆகிவிடும். மொத்தம் 4 லட்சம். இதிலிருந்து அதே 1 லட்சம் வர வேண்டுமென்றால் நூற்றுக்கு 16 போதாது, 25 எடுக்க வேண்டும். ஆக வரி 10,000, 37,500, 52,500. வருமானத்தில் 10 சதவீதம், 12.5 சதவீதம், 8.75 சதவீதம்.

எனக்கு இந்த முழுக் கணக்கிலும் சுவையான இடம் இதுதான். விலக்கு தொழிலாளிக்கு உண்மையாகவே உதவியது, 16 பத்தாக இறங்கியது. ஆனால் அந்தச் சுமையில் ஒரு பகுதி மேலே ஏறுகிற வழியில் நடுவிலேயே தங்கிவிட்டது. இப்போது மூவரில் அதிகமாகச் சுமப்பவர் பட்டறைக்காரர். உணவு அல்லாத செலவு, அதாவது வண்டி, செல்போன், துணிமணி, அவர் வருமானத்தில் பாதியை எடுக்கிறது. தொழிலாளிக்கு அது ஐந்தில் இரண்டு பங்கு, மண்டிக்காரருக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். வளர்வீதமா தேய்வுவீதமா என்று ஒரே வார்த்தையில் கேட்டால் பதில் சொல்ல முடியாத வடிவம் இது: கீழிருந்து நடுவரை வளர்கிறது, அங்கிருந்து மேலே தேய்கிறது. நிஜ வரிகளில் பல இப்படித்தான் நடுவில் புடைத்திருக்கும்.

இதைக் காட்ட வேறெங்கும் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மாநகராட்சி முதல் ஊராட்சி வரை உள்ளாட்சிகள் அரையாண்டுக்கு ஒரு முறை வசூலிக்கும் தொழில் வரியே போதும். சம்பளக்காரருக்கு நிர்வாகமே பிடித்துக் கட்டிவிடுவதால் பலருக்கும் இது சம்பளப் பட்டியலில் ஒரு சிறு வரியாகத்தான் தெரியும். அரையாண்டு வருமானம் 21,000 வரை வரி இல்லை. அதற்கு மேல் படிப்படியாகத் தொகை ஏறும். 75,000ஐத் தாண்டியவர்களுக்கு அரையாண்டுக்கு 1,250, ஆண்டுக்கு 2,500, அத்தோடு நின்றுவிடும். உள்ளாட்சி நினைத்தாலும், மாநில அரசே நினைத்தாலும் அதற்கு மேல் போக முடியாது. அரசியல் சட்டத்தின் 276ஆம் பிரிவு ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. முதலில் 250ஆக இருந்த வரம்பை 1988இல் அறுபதாவது திருத்தம் 2,500 ஆக்கியது. அதன் பிறகு மாறவில்லை.

பார்வைக்கு இது படிப்படியாக ஏறும் வளர்வீத வரி. அரையாண்டுக்கு 75,000க்குச் சற்றே மேல், அதாவது ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் சம்பாதிப்பவர் கட்டும் 2,500 அவர் வருமானத்தில் 1.67 சதவீதம். நம் பட்டறைக்காரரின் 3 லட்சத்துக்கு அதே 2,500 என்பது 0.83. மண்டிக்காரருக்கு 0.42. ஆண்டுக்கு 25 லட்சம் வருமானமுள்ள ஒருவருக்கு 0.1. அடியில் ஏறி, உச்சவரம்பைத் தொட்ட பிறகு நெடுகத் தேய்ந்துகொண்டே போகிறது. 1988இல் அந்த வரம்பை எட்டியவர் வசதியானவராக இருந்திருப்பார். இன்றைக்கு மாதம் 12,500 ரூபாய்க்குச் சற்றே மேல் வாங்கும் கடைச் சிப்பந்தியும் உச்சப் படியில்தான் நிற்கிறார். யாரும் சட்டத்தைத் தொடாமலேயே வரியின் குணம் மாறிப்போயிருக்கிறது.

விலைவாசி வளர்வீத வரிக்கு இதற்கு நேர் எதிரானதைச் செய்யும். நம் வளர்வீதப் படிகளை அப்படியே வைத்து, விலைவாசியும் எல்லோர் வருமானமும் 10 சதவீதம் ஏறியதாகக் கொள்ளுங்கள். பட்டறைக்காரருக்கு 3,30,000. வாங்கும் சக்தி பழையதுதான், ஒரு கொலுசுகூடக் கூடுதலாக விற்கவில்லை. ஆனால் கூடிய 30,000 முழுவதும் 20 சதவீதப் படியில் விழுவதால் வரி 26,000 ஆகிறது, சராசரி 6.67இலிருந்து 7.88க்குப் போகிறது. தொழிலாளியும் 1,10,000ஐ எட்டி முதன்முறையாக 1,000 ரூபாய் வரி கட்டுகிறார். பட்ஜெட்டில் வரி விகிதத்தை உயர்த்தவில்லை என்ற அறிவிப்பு வந்தாலும், படிகளின் எல்லையை நகர்த்தினார்களா என்று சேர்த்துப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

ஒரு நாட்டின் வரிமுறை என்பது தனி ஒரு வரியும் கிடையாது. நம் மூவரிடமும் பாதி வசூலை வளர்வீத வழியிலும் பாதியை விற்பனை வரி வழியிலும் எடுத்தால் என்ன ஆகும்? இரண்டு கணக்கையும் பாதியாக்கிக் கூட்டலாம். தொழிலாளி 0 கூட்டல் 8,000. பட்டறைக்காரர் 10,000 கூட்டல் 18,000, ஆக 28,000. மண்டிக்காரர் 40,000 கூட்டல் 24,000, ஆக 64,000. சதவீதத்தில் 8, 9.33, 10.67. மேல்தட்டில் 20 சதவீதம் என்று கம்பீரமாக நின்ற வருமான வரியின் ஏற்றத்தை விற்பனை வரி பெரும்பாலும் சமன் செய்துவிட்டது. கிட்டத்தட்ட விகிதாச்சார வரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறோம். வருமான வரியை மட்டும் பார்த்துவிட்டு "ஏழைகள் வரியே கட்டுவதில்லை" என்று சொல்பவர்கள் இந்தக் கூட்டலின் இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

அந்த 1 லட்சம் எங்கே போகிறது என்பதையும் இதுவரை நாம் கேட்கவில்லை. மூன்று முறைகளில் தொழிலாளிக்கு மிக மோசமான விற்பனை வரியையே எடுத்துக்கொள்வோம். வசூலான தொகையை ரேஷன், அரசுப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் என்று மூவருக்கும் சமமாகப் போய்ச்சேரும்படி செலவழித்தால் ஆளுக்கு 33,333 ரூபாய் மதிப்பு. தொழிலாளி 16,000 கொடுத்து அதைப் பெறுகிறார், அவருக்கு 17,333 லாபம். பட்டறைக்காரருக்கு 2,667 நட்டம், மண்டிக்காரருக்கு 14,667. தேய்வுவீத வரியைக் கொண்டே மேலிருந்து கீழே பணம் நகர்ந்திருக்கிறது. அதே தொகை மண்டித் தெருவுக்குக் கான்கிரீட் சாலை போடுவதில் முடிந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். தொழிலாளியின் மேல் ஒரு ரூபாய் வரி இல்லாத வளர்வீத முறையில், அந்த 1 லட்சத்தில் அவருக்கு எதுவுமே வராமல் போனால், விற்பனை வரி கட்டிக்கொண்டு ரேஷனும் சுகாதார நிலையமும் பெற்றதைவிட அவர் 17,333 ரூபாய் பின்தங்கி நிற்பார்.